கலந்துபோன நாற்பது அட்டைகள்

பரந்தாமன் மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோபப்பட்டேன். மறுநாளிலிருந்து இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாக்கியத்தில் சம்பாதித்தார் என்பதுதான் விசேஷம்.

1992, பிப்ரவரி மாதம். ஆவடியில், டாங்கி செய்கிற தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவர் சம்பத்துக்கு அங்கேதான் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது என்று அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் ரயிலில் போய் வந்ததோடு சரி.

என் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் பேச்சை மாற்றாதவர்கள் குறைவு. சுலபமான விஷயம்தான். 'அவர் மருந்துக்குக்கூடச் சிரிக்க மாட்டார்' என்கிறோம். 'அவர் மருந்துக்குக்கூடச் சிரிப்பார்' என்றால் கேட்கிறவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். 'லேசில் மசிய மாட்டார்' சரி, 'லேசில் மசிவார்' சரியில்லை. 'யாரும் வரவில்லை' என்று எல்லோரும் சொல்வோம், 'யாரும் வந்தார்கள்' என்று சொல்ல மாட்டோம். சில சொற்கள் எதிர்மறை பக்கத்தில் இருந்தால்தான் வாக்கியத்தில் உட்காரும்.

இல்லை, மாட்டார் என்று ஒரு சொல் இருந்தால் போதுமென்றால் ஆறு வருஷம் எதற்கு? 'யாரும் பார்ப்பதற்கு முன்னால் எடுத்து வை' என்று சொல்லிப் பாருங்கள். அதில் எதிர்மறைச் சொல்லே இல்லை, ஆனாலும் காதுக்கு உறுத்தவில்லை. 'யாரும் பார்த்த பிறகு எடுத்து வை' உறுத்துகிறது. 'முன்னால்' என்றால் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று ஆகிறது, 'பிறகு' என்றால் பார்த்தாகிவிட்டது. ஆக, அனுமதி கொடுப்பது இல்லை என்ற சொல் மட்டுமல்ல. எந்தெந்த இடம் அனுமதி கொடுக்கும், எது கொடுக்காது என்று பட்டியல் போட்டு, ஏன் என்று சொல்வதுதான் என் வேலை.

இதைப் புத்தகத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. பேசுகிறவர்களின் காதைத்தான் கேட்க வேண்டும். என் காது எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொன்னால் எதுவும் சரியாகப் படும், அல்லது எல்லாமே தப்பாகப் படும். அதனால் அறுபது வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, குவார்ட்டர்ஸிலும் அக்கம்பக்கத்திலுமாக நாற்பது பேரிடம் போனேன். ஆளுக்கு ஓர் அட்டை. வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "நீங்க இப்படிப் பேசுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். பதினாறாவது பிளாக் கண்ணம்மா, 'யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை' என்ற வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, "அடப்பாவமே, பத்திரிகை வெக்கலியா?" என்று வருத்தப்பட்டார். வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்ல வைக்க இரண்டு டம்ளர் காபி ஆயிற்று, அதுவும் அவர் வீட்டுக் காபி. நாற்பது வீட்டிலும் எனக்கு ஏதோ ஒன்று குடிக்கக் கொடுத்தார்கள். சொந்த வேலையை நிறுத்திவிட்டு, என்ன படிப்பு இது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாவது, பதில் சொன்னார்கள்.

அந்த நாற்பதில் பரந்தாமனும் ஒருவர். சம்பத்தோடு தொழிற்சாலையில் வேலை, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. குவார்ட்டர்ஸ்காரர் இல்லை. ஆவடியிலேயே, பருத்திப்பட்டில் தலைமுறையாக இருக்கிற குடும்பம், ஏரிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிலம் இருந்தது. என் வயதுதான் அவருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலோடு வந்து சம்பத்தை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இருவரும் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவார்கள். நான் அறுபது வாக்கியத்தையும் படித்தபோது, அவர் சரி, தப்பு என்று சொல்லவில்லை. "பாஸ். பாஸ். ரிஜக்ட். இது ரீவொர்க் அண்ணி, 'யாரும்'ன்றத எடுத்துட்டு 'யார்னா'ன்னு போட்டா பாஸாவும்" என்றார். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். நாற்பது பேரில் என்னிடம் ஒரு வார்த்தைகூட முகதாட்சண்யத்துக்குச் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

பிப்ரவரியில் என் வழிகாட்டி பேராசிரியர் இராமகிருஷ்ணன் மூன்றாவது இயலைத் திருப்பிக் கொடுத்தார். அதிகம் பேச மாட்டார், நியாயமானவர், அதனால் அவர் திட்டினால் இரட்டிப்பாக வலிக்கும்.

"யாரும் வந்தாங்களா, யாரும் வந்தா சொல்லு. இந்த ரெண்டு வாக்கியத்தையும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம்தான். கேள்வி வாக்கியத்தைப் பதினெட்டு பேர் பேசுவோம் என்றார்கள், இருபத்திரண்டு பேர் மாட்டோம் என்றார்கள். 'வந்தா' வாக்கியத்துக்குப் பதினேழு, இருபத்து மூன்று.

"கேள்வியும் நிபந்தனையும் இந்தச் சொல்லுக்கு அனுமதி குடுக்குதா, இல்லையா? உங்க ஆய்வே அதுதான். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'அரைகுறையாக அனுமதிக்கின்றன.' அப்படி ஒரு விதி இருக்கா அம்மா? பாதிப் பேர் ஆமாம், பாதிப் பேர் இல்லைன்னா அது தீர்ப்பு இல்லை, இரைச்சல். உங்க ஆளுங்க களைச்சுப்போய் ஏதோ சொல்லியிருக்காங்க. ஏப்ரலுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். இரைச்சல் என்ற சொல் ஆவடி வரைக்கும் காதில் இருந்தது. நாற்பது வீட்டுக் காபியும் வீண் என்று தோன்றியபோதுதான் அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறு பரந்தாமன் தூண்டிலோடு வந்தார். சம்பத் இன்னும் குளிக்கவில்லை. கூடத்துத் தரையில் நாற்பது அட்டைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"இன்னா அண்ணி, ஒரு மாதிரியா கீறீங்க?"

சொன்னேன். சொல்லச் சொல்லக் கோபமும் சேர்ந்துகொண்டது. அவர் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, அட்டைகளை மிதிக்காமல் ஓரமாக உட்கார்ந்தார். நான்கைந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல லாட்டு நம்பர் எங்க கீது?"

"என்ன நம்பர்?"

"எந்த லாட்டுலேர்ந்து வந்த பீஸுன்னு போடுவோம்ல. இந்தாளு எங்கேர்ந்து வந்தாரு?"

அட்டையின் மேல் மூலையைக் காட்டினேன். ஊர்: ஆவடி. நாற்பது அட்டையிலும் அப்படித்தான். எல்லோரும் ஆவடியில் இருக்கிறவர்கள், நான் வேறென்ன எழுதுவேன்?

பரந்தாமன் சிரித்தார். அதுதான் அன்று என்னால் தாங்க முடியாமல் போனது.

"அண்ணி, ஆவடில நாங்கதான் ஆவடி. இவங்க எல்லாம் வேலைக்கு வந்தவங்க. தட்டுல கொட்டிட்டா எல்லாம் ஒரே லாட்டாயிடுமா?"

ஆறு வருஷம் மொழியியல் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? "மனுஷங்க இரும்புத் துண்டு இல்ல பரந்தாமன். எல்லாரும் பேசறது தமிழ். நான் அகராதித் தமிழ்ல கேக்கல, பேச்சுத் தமிழ்லதான் கேட்டேன். உங்க ஃபாக்டரி விஷயத்தை இதுல கொண்டு வராதீங்க" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"போன வருஷம் புஷ்னு ஒரு இரும்பு வளையம் வந்துச்சு. எதுக்குப் போடறதுன்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாது. கெட்டி எவ்ளோன்னு அம்பது பீஸ் டெஸ்ட் பண்ணோம். பாதி கரெக்டு, பாதி மெத்துனு கீது. மெஷின்தான் கெட்டுப்போச்சு, ரீடிங்கு தப்புன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா மெஷின் கெட்டுச்சுன்னா எல்லா நம்பரும் இங்கயும் அங்கயும் ஓடும். இது அப்படி ஓடல. ஒரு கூட்டம் இங்க, ஒரு கூட்டம் அங்க. நடுவுல யாருமே இல்ல. அப்பறம் பாத்தா, ரெண்டு லாட்டு. வேற வேற நாள்ல சூளையில போட்டது. ஒரே தட்டுல கொட்டிட்டு அட்டைய மாத்திக் கட்டிட்டாங்க." அட்டைகளைக் காட்டினார். "உங்க ஆளுங்களும் அப்படித்தான் பேசிக்கீறாங்க. ஆமான்றவரு ரெண்டுக்குமே ஆமான்றாரு. இல்லன்றவரு ரெண்டுக்குமே இல்லன்றாரு. களைச்சுப் போனவன் இப்படிச் சொல்ல மாட்டான், அங்கொண்ணு இங்கொண்ணு அடிப்பான்."

சம்பத் குளித்துவிட்டு வந்தார். இருவரும் ஏரிக்குப் போய்விட்டார்கள். நான் சாயங்காலம்வரை கோபமாகவே இருந்தேன். கோபத்தோடேயே ஒவ்வோர் அட்டையிலும் அந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பதில் முப்பத்தொன்பது பேர் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆறு வருஷப் படிப்பில் நான் அதைப் பார்க்கவில்லை. மொத்தத்தைத்தான் கூட்டினேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை. எதிர்வீட்டு ஜமீலா கதவைத் தட்டினாள். திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தினமும் பதினோரு மணிக்கு வாளியோடு என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

"அக்கா, மாடில துணி காயப்போடப் போறேன். வீட்டுக்கு யாரும் வந்தா சொல்லுங்க."

அவள் படியேறிப் போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மூன்று வருஷமாக, தினமும், என் வாசலிலேயே அந்த வாக்கியம் வந்து போயிருக்கிறது. நான் அதைத் துணி சம்பந்தப்பட்ட செய்தியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாடிக்கு ஓடினேன். துணி பிழிந்துகொண்டிருந்தவளிடம், "ஜமீலா, நீ 'யாராவது வந்தா'ன்னு சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேனே. ரெண்டும் சொல்லுவேன். ஏன்க்கா, தப்பா?"

"தப்பே இல்ல. 'வீட்டுக்கு யாரும் வந்தாங்க'ன்னு சொல்லுவியா?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதெப்படிக்கா சொல்ல முடியும்? உங்களுக்கு ராத்திரி தூக்கம் இல்லையா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். ஈரச் சேலையோடு அவள் நெளிந்தாள்.

அந்த வாரம் நாற்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்த முறை ஒரே கேள்விதான்: நீங்கள் எந்த ஊரில் பேசக் கற்றுக்கொண்டீர்கள், உங்கள் அம்மா எந்த ஊர்? 'யாரும் வந்தா' சரியென்ற பதினேழு பேரில் பதிமூன்று பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம். இரண்டு பேர் சென்னையில் பிறந்தவர்கள், ஆனால் அம்மா அந்தப் பக்கம். ஒருவர் சேலத்துக்காரர், அவர் விஷயத்தில் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. மீதி ஒருவர் பதினோராவது பிளாக் முனியன். அவர் அட்டையைப் பார்த்தால் அறுபது வாக்கியமும் சரி. 'யாரும் வந்தார்கள்' உட்பட. பெரிய படிப்புப் படிக்கிற அம்மா வீடு தேடி வந்து படிக்கும்போது தப்பென்று எப்படிச் சொல்வது என்று மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார். கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று சொன்ன பதினெட்டாவது ஆள் குணசேகரன் அம்மா, திண்டுக்கல். மாட்டேன் என்றவர்களிலும் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார், பத்து வயதிலேயே இங்கே வந்துவிட்டவர். அந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படிப் பேசுவார்கள் என்று நாற்பது பேரை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தட்டில் இரண்டு லாட் கலந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. முனியனை எடுத்துவிட்டால், நாற்பதில் ஒருவர்கூட 'யாரும் வந்தார்கள்' என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. 'யாரும் பார்ப்பதற்கு முன்னால்' எல்லோருக்கும் சரி, 'பார்த்த பிறகு' எல்லோருக்கும் தப்பு. ஆக, அந்தச் சொல்லுக்கு அனுமதி வேண்டும் என்பதில் இரண்டு கூட்டத்துக்கும் சண்டையே இல்லை. யாரெல்லாம் அனுமதி கொடுக்கலாம் என்ற பட்டியல்தான் ஒரு கூட்டத்துக்குச் சின்னது, இன்னொரு கூட்டத்துக்குப் பெரியது. கேள்வியும் 'வந்தா'வும் பெரிய பட்டியலில் மட்டும் இருக்கின்றன. அரைகுறை விதி ஒன்றும் இல்லை. முழு விதி இரண்டு இருந்தது.

இராமகிருஷ்ணன் சார் புது இயலைப் படித்துவிட்டு, "களைச்சுப் போனாங்கன்னு நான் சொன்னது தப்பு" என்றார். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். ஜூன் இருபத்தாறாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

அடுத்த பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. துறை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், 'ஆர்வமுள்ள யாரும் கலந்துகொள்ளலாம்' என்று. அந்த யாரும் வேறு கதை, 'கலந்துகொள்ளலாம்' என்பதில் இருக்கிற 'லாம்' தருகிற அனுமதி அது. என் ஐந்தாவது இயல். அதை வீட்டில் சொன்னபோது, "அப்ப எனக்கும் கேட் பாஸ் கீதுன்னு சொல்லு" என்று பரந்தாமன் சம்பத்திடம் சொல்லியிருக்கிறார். முதல் ஷிப்ட் முடித்து, காக்கிச் சட்டையோடேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் சம்பத்தும் ஜமீலாவும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேராசிரியர் உலகநாதன். வெளிமாநிலத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர், தமிழைச் சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, எடுத்து வைப்பவர். மற்ற இயல்களுக்கெல்லாம் பாராட்டினார். மூன்றாவதுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, அம்மா. 'யாரும் வந்தார்களா' என்று தமிழர் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டதில்லை. நான் பேசியதும் இல்லை. உங்கள் ஆட்கள் உங்களுக்காகத் தலையாட்டியிருக்கலாம். நீங்களே ஒருவரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறீர்களே?"

நான் பதில் சொன்னேன். தப்பான வாக்கியங்களையும் நடுநடுவே வைத்துக் கேட்டதைச் சொன்னேன். அவர்கள் அவற்றையெல்லாம் மறுத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் இளகவில்லை. இந்த இயலைத் திருத்தி மறுபடி கொடுக்கும்படி எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். மறுபடி என்றால் இன்னொரு வருஷம்.

அவர் தாள்களை அடுக்கினார். நேரமாகிவிட்டது. அவையைப் பார்த்து, முப்பது வருஷச் சுத்தத்தையும் மறந்து, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

"சரி, யாரும் ஏதும் கேக்கணுமா?"

கடைசி வரிசையில் காக்கிச் சட்டைக் கை ஒன்று உயர்ந்தது.

"சார், உங்களுக்குச் சொந்த ஊர் எது சார்?"

"திருநெல்வேலிச் சீமை, நாசரேத் பக்கம். ஏன் கேட்கிறீர்கள்?"

"லாட்டு நம்பர் பாத்துக்கலாம்னுதான் சார். இப்ப நீங்க கேட்டது இருக்குதே, அது எங்க ஊரு ஆளு வாயில வராது. நாங்க 'யார்னா இன்னான்னா கேக்கணுமா'ன்னுதான் கேப்போம்."

இராமகிருஷ்ணன் சார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். உலகநாதன் சார் தான் சொன்னதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும்வரை.

"எங்கம்மா இப்படித்தான் கேப்பா" என்றார். "சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், 'ஏதும் சாப்பிட்டியா, யாரும் அடிச்சாங்களா'ன்னு. முப்பது வருஷம் ஆச்சு. எனக்கு மறந்தே போச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறிக்கையில் இருந்த எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். திருத்தம் எதுவும் தேவையில்லை என்று படித்துக் காட்டினார்.

வெளியே வந்ததும் பரந்தாமன் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பத் பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "நீங்க இல்லேன்னா எனக்கு இது இல்ல. அன்னிக்குத் திட்டினேன், மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நான் ஒன்னும் பண்ல அண்ணி. அட்டையில அட்ரஸ் கேட்டேன், அவ்ளோதான்" என்றார். "தேங்க்ஸ ஜமீலாம்மாவுக்குச் சொல்லுங்க. தினமும் உங்க வாசல்ல வந்து டெலிவரி குடுத்தது அவங்கதான்."

நூலகத்தில் இருக்கிற என் ஆய்வேட்டில் நன்றிப் பக்கம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அங்கே பேராசிரியர்களுக்கு இரண்டு வரி. மீதி நாற்பது பெயர்கள், மரியாதைக்குத் தலையாட்டிய முனியன் உட்பட, கண்ணம்மாவின் காபி உட்பட. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊர் போட்டிருக்கிறேன். ஒருவர் பெயருக்கு எதிரே மட்டும்தான் ஆவடி என்று இருக்கும்.